நேரம் தவறிய பெட்டியும் நின்றுபோன நெட்டும்: மினி பிசியில் வீட்டு சர்வர் நடத்திய அனுபவம்

எங்கள் வீட்டில் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே, ரவுட்டரை ஒட்டி, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மினி பிசி இரண்டு வருடத்துக்கு மேலாக இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இன்டெல் என்100 சிப், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, பக்கத்தில் யுஎஸ்பியில் ஒரு 4 டிபி ஹார்டு டிஸ்க், அவ்வளவுதான். பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். யாரும் எதுவும் பார்க்காத நேரத்தில் பத்து வாட்டுக்கு முன்னே பின்னே காட்டுகிறது. இரண்டு மாத கரண்ட் பில்லில் அது சுமார் 15 யூனிட்.

அதில் முக்கியமாக இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று பை-ஹோல். வீட்டில் உள்ள எல்லா போன், டிவி, லேப்டாப்பும் ஒரு தளத்தின் முகவரியைக் கேட்கும்போது, விளம்பரக் கம்பெனிகளின் முகவரி என்றால் எங்கும் போகாத ஒரு வெற்று முகவரியைப் பதிலாகச் சொல்லி அனுப்பிவிடும் டிஎன்எஸ் சர்வர் அது. இன்னொன்று ஜெல்லிஃபின். அப்பா காலத்து விஎச்எஸ் கேசட்டுகளிலிருந்து மாற்றிய கல்யாண வீடியோக்கள், நாங்கள் வாங்கிய டிவிடிகள், பிள்ளைகளின் வீடியோக்கள் எல்லாவற்றையும் டிவியிலும் போனிலும் பார்ப்பதற்கான மீடியா சர்வர்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆரம்பத்தில் நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஜெல்லிஃபின் கனமான சரக்கு. ராம் தின்னும், சிப்பை ஓட்டும், டிஸ்க்கை நிரப்பும். ஆனால் அது ஒரு நாள் முழுக்க நின்றால்கூட வீட்டில் யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். பை-ஹோல் 512 எம்பி ராமில் சத்தமில்லாமல் கிடக்கும். ஆனால் அது ஐந்து நிமிடம் நின்றால் வீட்டில் நெட்டே இல்லை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். முதல் மூன்று மாதம் இரண்டையும் ஒரே டெபியன் லினக்ஸில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தேன். வீடியோ டிரைவருக்காக ஏதாவது மாற்றுவேன், ரீபூட் கேட்கும், அந்த நேரம் பார்த்து மனைவி ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார். நான்காவது முறை அது நடந்த பிறகுதான் ஒரே பெட்டிக்குள் பல தனித்தனி சிஸ்டங்களை ஓட்டவிடும் ப்ராக்ஸ்மாக்ஸைப் போட்டு, இரண்டையும் தனித்தனி கெஸ்ட்டாகப் பிரித்தேன். இப்போது ஜெல்லிஃபினை என்ன பாடு படுத்தினாலும் பை-ஹோலுக்கு அது தெரியவே தெரியாது.

கெஸ்ட் என்றதும் முழு விர்ச்சுவல் மெஷின்தான் போட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். இந்த இரண்டு வேலைக்கும் எல்எக்ஸ்சி கன்டெய்னர் போதும், இந்த அளவுப் பெட்டிக்கு அதுதான் பொருத்தம். கன்டெய்னர், ஹோஸ்ட்டின், அதாவது பெட்டியில் நேரடியாக ஓடும் ப்ராக்ஸ்மாக்ஸின் கெர்னலையே பகிர்ந்துகொள்கிறது, அதனால் பூட் ஆக இரண்டு மூன்று நொடிதான், கொடுத்த ராமில் தேவைப்படுவதை மட்டும்தான் எடுக்கும். வீடியோவை மாற்றித் தரும் கிராபிக்ஸ் பகுதியையும் ஹோஸ்ட்டும் கன்டெய்னர்களும் சேர்ந்தே பயன்படுத்தலாம். விர்ச்சுவல் மெஷினுக்கு அதை பாஸ்த்ரூ செய்து கொடுத்தால் அது அந்த மெஷினோடு போய்விடும், வேறு யாருக்கும் கிடைக்காது. ஆனால் கெர்னலைப் பகிர்ந்துகொள்வதால் இன்னொன்றும் வருகிறது: கன்டெய்னருக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. ஹோஸ்ட்டின் நேரம்தான் அதன் நேரம். இது எனக்குப் பெரிய பாடமாக வந்தது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் டிஎன்எஸ் பற்றி இரண்டு விஷயம். பை-ஹோல் போட்டும் விளம்பரம் வருகிறது என்று சொல்பவர்கள் வீட்டில் நான் பார்த்தவரை பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வீட்டுக் கருவிகளுக்கு ஐபியும் டிஎன்எஸ்ஸும் கொடுக்கும் ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் முதல் டிஎன்எஸ்ஸாக பை-ஹோலையும், இரண்டாவதாக, "ஒருவேளை இது நின்றால்" என்று, 8.8.8.8 என்றும் போட்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். முதலாவது செத்தால்தான் இரண்டாவதிடம் போகும் என்று எந்தக் கருவியும் நமக்கு உறுதி கொடுப்பதில்லை. சில போன்கள் இரண்டிடமும் மாறி மாறிக் கேட்கும், சில எது வேகமோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அந்த இரண்டாவது இடத்தில் இன்னொரு பை-ஹோல் இருக்க வேண்டும், இல்லையென்றால் காலியாக விட வேண்டும்.

இரண்டாவது, ஐபிவி6. ரவுட்டர் தன் பங்குக்கு ஐபிவி6 வழியாகத் தனியாக ஒரு டிஎன்எஸ் முகவரியை அறிவித்துக்கொண்டிருக்கும், பல போன்கள் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் லேப்டாப்பில் `ipconfig /all` அடித்தால் DNS Servers வரியில் பை-ஹோலின் முகவரியோடு `fe80::` என்று தொடங்கும் ஒன்றும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வேலி பாதிதான் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். என் ரவுட்டரில் ஐபிவி6 டிஎன்எஸ் அறிவிப்பை மட்டும் நிறுத்தும் வசதி இருந்தது. அது இல்லாத ஒரு நண்பர் வீட்டில் ரவுட்டரின் டிஎச்சிபியையே நிறுத்திவிட்டு, பை-ஹோலின் டிஎச்சிபியை இயக்கி, உள்நெட்வொர்க்கில் ஐபிவி6ஐ அணைத்தோம்.

இவ்வளவு செய்தாலும் யூடியூப் விளம்பரம் போகாது. வீடியோ எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அங்கிருந்தேதான் விளம்பரமும் வருகிறது, டிஎன்எஸ்ஸால் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. வீட்டில் முதலிலேயே இதைச் சொல்லிவிட்டால் நல்லது. அதேபோல் கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பர முடிவுகளைத் தொட்டால் பக்கம் திறக்காது, ஏனென்றால் அந்த லிங்க் `googleadservices.com` வழியாகப் போகிறது. அம்மா எப்போதும் முதலில் இருப்பதைத்தான் தொடுவார், "இந்த வீட்டு நெட்டே சரியில்லப்பா" என்பார். எல்லோருக்கும் அந்த முகவரியைத் திறந்துவிடுவதற்குப் பதில், பை-ஹோலில் தனி குரூப் ஒன்று உருவாக்கி, அம்மாவின் போனை அதில் சேர்த்து, அந்த குரூப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன்.

சரி, கடிகாரத்துக்கு வருகிறேன். பை-ஹோல் கன்டெய்னருக்குள்ளேயே அன்பவுண்ட் என்ற ரிசால்வரையும் போட்டிருந்தேன். வெளியே எந்தக் கம்பெனியின் டிஎன்எஸ்ஸையும் கேட்காமல், நேராக ரூட் சர்வரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகத் தானே விசாரித்துக்கொண்டு வரும். பதிலை வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையெழுத்து சரிதானா என்றும் பார்க்கும். அந்தக் கையெழுத்து ஒவ்வொன்றுக்கும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று ஒரு காலம் உண்டு. அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத்தான் அன்பவுண்ட் ஏற்றுக்கொள்ளும்.

போன வருடம் மழைக்காலத்தில் உறவினர் கல்யாணத்துக்காக நான் வெளியூரில் இருந்தேன். எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் போய், கரண்ட் ராத்திரி முழுக்க இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்து பெட்டி அணைந்துவிட்டது. காலையில் கரண்ட் வந்ததும் எல்லாம் தானாக எழுந்துகொண்டது. அதற்காகத்தான் பயாஸில் `State After G3` என்பதை `S0 State` என்று மாற்றி வைத்திருந்தேன், கரண்ட் வந்தால் பட்டனை அமுக்காமலே பெட்டி தானாக ஆன் ஆகும். ஆனால் ஏழு மணிக்கே அப்பாவிடமிருந்து போன். "ஏம்ப்பா, ரவுட்டர்ல லைட்டெல்லாம் பச்சையாத்தான் எரியுது, ஆனா ஒண்ணும் வர மாட்டேங்குது." ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னேன், மினி பிசியையும் அணைத்துப் போடச் சொன்னேன், ஒரு மாற்றமும் இல்லை. டெயில்ஸ்கேல் வழியாக வெளியிலிருந்து உள்ளே போகலாம் என்றால், அந்தப் பெட்டிக்கே டிஎன்எஸ் இல்லாதபோது அது மட்டும் எப்படி வேலை செய்யும். அன்றைக்கு முழுக்க எல்லோரும் மொபைல் டேட்டாவில் ஓட்டினார்கள்.

மறுநாள் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். `ping 1.1.1.1` பதில் வருகிறது, `ping google.com` வரவில்லை. ஆக வெளியே போகும் வழி நன்றாக இருக்கிறது, பெயர்தான் முகவரியாக மாறவில்லை. பை-ஹோலின் பக்கத்தை ஐபி போட்டுத் திறந்தால் அது ஜோராக ஓடுகிறது, கேள்விகள் வந்து குவிகின்றன, எல்லாவற்றுக்கும் பதில் SERVFAIL, அதாவது பதில் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான். கன்டெய்னருக்குள் போய் அன்பவுண்டை நேரடியாகக் கேட்டேன்:

```
dig @127.0.0.1 -p 5335 debian.org
dig @127.0.0.1 -p 5335 +cd debian.org
```

முதல் கட்டளைக்கு SERVFAIL. இரண்டாவதில் உள்ள `+cd` என்பது கையெழுத்தைச் சோதிக்காமல் பதிலைக் கொடு என்று சொல்வது. அதற்கு முகவரி உடனே வந்துவிட்டது. இந்த இரண்டும் இப்படி வேறுபட்டால் கோளாறு நெட்டில் இல்லை, கையெழுத்துச் சோதனையில்தான். அப்போதுதான் பை-ஹோலின் கேள்விப் பட்டியலில் ஓரத்தில் இருந்த தேதியைக் கவனித்தேன். பல மாதங்கள் பின்னால் இருந்தது. அன்றைக்குப் போட்ட கையெழுத்துகள் எல்லாம் அன்பவுண்டின் கண்ணுக்கு இன்னும் தொடங்கவே இல்லாத காலத்துக்கு உரியவை. ரூட்டின் கையெழுத்தே ஒப்பவில்லை என்றால் அதற்குக் கீழே எதையும் அது ஏற்றுக்கொள்ளாது, ஆகவே டிஎன்எஸ்செக் இல்லாத தளங்களும் சேர்ந்தே போயின.

நேரம் தவறினால் இன்டர்நெட்டிலிருந்து சரிசெய்துகொள்ள ஹோஸ்ட்டில் குரோனி என்ற நிரல் ஓடுகிறது. அது ஏன் சரிசெய்யவில்லை? ஹோஸ்ட்டில் `chronyc activity` அடித்தேன், sources with unknown address என்ற வரியில்தான் எண்ணிக்கை நின்றது. நேர சர்வரின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. காரணம், எல்லாம் ஒரே ஒழுங்கில் இருக்கட்டும் என்று ஹோஸ்ட்டுக்கும் டிஎன்எஸ்ஸாக பை-ஹோலையே கொடுத்திருந்தேன். நேரம் சரியானால்தான் பை-ஹோல் பதில் சொல்லும், பை-ஹோல் பதில் சொன்னால்தான் நேரம் சரியாகும். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அந்த முடிச்சு அவிழாது.

கன்டெய்னருக்குள் நேரத்தை மாற்ற முடியாது, அதற்கு உரிமை கிடையாது. பை-ஹோலின் 6ஆம் பதிப்பில் நேரம் ஒத்திசைக்கும் வசதி உண்டு, ஆனால் ஹோஸ்ட்டின் ரூட் உரிமை இல்லாத அன்ப்ரிவிலெஜ்டு கன்டெய்னரில் அது அனுமதி இல்லை என்று எச்சரிக்கை போட்டுக்கொண்டுதான் இருக்கும். ஹோஸ்ட்டில் `date -s` கொடுத்து நேரத்தைக் கையால் வைத்தேன், அன்பவுண்டை ரீஸ்டார்ட் செய்தேன், அரை நிமிடத்தில் வீடு முழுக்க நெட் வந்துவிட்டது.

அப்புறம் முடிச்சை நிரந்தரமாக வெட்டினேன். ப்ராக்ஸ்மாக்ஸில் நோடைத் தேர்ந்து, System, அதில் DNS என்ற இடத்தில் பை-ஹோலை எடுத்துவிட்டு 1.1.1.1, 9.9.9.9 என்று மாற்றினேன். ஹோஸ்ட் விளம்பரம் பார்க்கப்போவதில்லை, அதற்கு பை-ஹோல் தேவையே இல்லை. தன்மேல் ஓடும் கெஸ்ட்டை நம்பி ஹோஸ்ட் இருக்கக் கூடாது. கன்டெய்னர்களுக்குத் தனியாக டிஎன்எஸ் கொடுக்காவிட்டால் ஹோஸ்ட்டில் உள்ளதையே எடுத்துக்கொள்ளும், அதுவும் நல்லதுதான்.

நேரம் தவறியதற்கு மூல காரணம் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி. அடித்தகட்டின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தால், கறுப்பு டேப் சுற்றி, இரண்டு ஒயர் வைத்த ஒரு சிஆர்2032 ஓரத்தில் ஒட்டியிருந்தது. மல்டிமீட்டரில் 1.9 வோல்ட் காட்டியது, புதிதாக இருந்தால் 3 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இந்தப் பெட்டிகளில் ஹோல்டர் கிடையாது, கனெக்டரோடு ஒயர் வைத்த பேட்டரியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். பெட்டி எப்போதும் கரண்ட்டிலேயே இருந்ததால் அந்த பேட்டரி செத்ததே தெரியவில்லை. வருடத்துக்கு ஒரு முறை பெட்டியை முறையாக அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டு, திரும்பப் போட்டதும் பயாஸுக்குள் போய் நேரத்தைப் பாருங்கள். தவறியிருந்தால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது.

இன்வெர்ட்டர் பின்னால் ஒரு சுவிட்ச் உண்டு, யுபிஎஸ் மோடு, ஈகோ மோடு என்று. ஃபேன், லைட்டுக்கு எதில் இருந்தாலும் சரிதான், ஆனால் ஈகோ மோடில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளி அதிகம். எங்கள் வீட்டில் அந்த இடைவெளியிலேயே மினி பிசி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. யுபிஎஸ் மோடுக்குத் தள்ளிய பிறகு அது நின்றுவிட்டது.

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களால் எதுவும் செய்ய முடியாமல் போனதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது. இப்போது ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ரவுட்டரின் முகவரி, பாஸ்வேர்டு, எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் உள்ள 192.168.1.5 என்பதை அழித்து 1.1.1.1 என்று எழுத வேண்டும், பிறகு போனில் வைஃபையை அணைத்துப் போட வேண்டும் என்று தமிழில் ஐந்து வரி. தங்கையை விட்டு ஒரு முறை செய்தும் பார்த்தாயிற்று, இரண்டு நிமிடம் ஆனது. அதோடு, சும்மா கிடந்த பழைய ராஸ்பெர்ரி பையில் இரண்டாவது பை-ஹோல் போட்டு ரவுட்டரின் இரண்டாவது டிஎன்எஸ்ஸாகக் கொடுத்துவிட்டேன். அதில் அன்பவுண்ட் இல்லை, வேண்டுமென்றேதான் வெளி டிஎன்எஸ் வைத்திருக்கிறேன், இரண்டும் ஒரே காரணத்துக்காக ஒரே நேரத்தில் விழக் கூடாது.

ஜெல்லிஃபின் பக்கம் வேலை வேறு மாதிரி. டிவியில் போட்டால் பெரும்பாலும் கோப்பை அப்படியே அனுப்பிவிடும், அதற்குப் பெட்டி மூச்சுகூட விடாது. போன் பிரவுசரில் 10 பிட் எச்இவிசி கோப்பைத் திறந்தால்தான் சிக்கல், பிரவுசருக்கு அது பிடிக்காவிட்டால் வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். அதை சிப்பின் நான்கு கோரும் சேர்ந்து செய்தால் நூறு சதவீதம் ஏறி, ஃபேன் இரைந்து, படம் திக்கித் திக்கி வரும். என்100இல் இந்த வேலைக்கென்றே குவிக்சிங்க் என்ற தனிப் பகுதி இருக்கிறது, அதைக் கன்டெய்னருக்குக் காட்டிக் கொடுத்தால் போதும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2லிருந்து இது சுலபம். முதலில் ஹோஸ்ட்டில் `/dev/dri` அடைவில் `renderD128` இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கன்டெய்னருக்குள் `getent group render` அடித்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில்தான் நான் ஒரு மாலை நேரத்தை இழந்தேன். ஹோஸ்ட்டில் அந்த குரூப்பின் எண் ஒன்று, கன்டெய்னருக்குள் வேறொன்று, கொடுக்க வேண்டியது கன்டெய்னருக்குள் உள்ள எண். கன்டெய்னரின் Resources பக்கத்தில் Device Passthrough சேர்த்தால் கான்ஃபிக் கோப்பில் இப்படி ஒரு வரி வரும், 993 என்பது என் கன்டெய்னரில் இருந்த எண்:

```
dev0: /dev/dri/renderD128,gid=993
```

உள்ளே `usermod -aG render jellyfin` கொடுத்து ரீஸ்டார்ட் செய்துவிட்டு, ஜெல்லிஃபினின் Playback அமைப்பில் QSV தேர்ந்தெடுக்க வேண்டும். வேலை செய்கிறதா என்று படம் ஓடுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், சிப்பின் கோர்களே மாற்றினாலும் சின்ன வீடியோ ஓடத்தான் செய்யும். ஹோஸ்ட்டில் `intel-gpu-tools` நிறுவி `intel_gpu_top` திறந்து வைத்துக்கொண்டு போனில் படத்தைப் போடுங்கள். Video என்ற வரி பூஜ்யத்திலிருந்து எழுந்தால் சரி. எழாமல் சிப் மட்டும் கொதித்தால் அனுமதியில் எங்கோ பிழை.

டிவியில் நேராக ஓடிக்கொண்டிருந்த படம் சப்டைட்டில் போட்டதும் திணறினால், அந்த சப்டைட்டில் பட வடிவத்தில் இருக்கிறது என்று அர்த்தம், டிவிடியிலும் புளூரேயிலும் வருவது அப்படித்தான். டிவிக்கு அது புரியாவிட்டால் ஜெல்லிஃபின் அதைப் படத்தின் மேலேயே பொறித்து அனுப்பும், அதற்காக முழு வீடியோவையும் மாற்ற வேண்டியிருக்கும். எஸ்ஆர்டி கோப்பாக இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. தமிழ் சப்டைட்டிலில் இன்னொன்று: பொறிக்கும்போது எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் டிவியைக் குறை சொல்ல வேண்டாம், கன்டெய்னருக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. குறைந்தபட்ச டெபியனில் அது வராது. `apt install fonts-lohit-taml` போட்டதும் எங்களுக்குச் சரியாகிவிட்டது.

டிஸ்க்கைக் கன்டெய்னருக்குக் கொடுப்பதில்தான் இரண்டாவது பெரிய அடி வாங்கினேன். யுஎஸ்பி டிஸ்க் ஹோஸ்ட்டில் `/mnt/media` என்ற இடத்தில் மவுண்ட் ஆகிறது, அதை ஜெல்லிஃபினுக்குப் படிக்க மட்டும் என்று கொடுத்திருக்கிறேன். இதை வெப் பக்கத்தில் செய்ய முடியாது, கட்டளைதான்:

```
pct set 102 -mp0 /mnt/media,mp=/media,ro=1
```

அன்ப்ரிவிலெஜ்டு கன்டெய்னரில் உள்ளே போய்ப் பார்த்தால் கோப்புகளின் உரிமையாளர் nobody என்று காட்டும், பயப்பட வேண்டாம். அடைவுகள் 755, கோப்புகள் 644 என்று இருந்தால் ஜெல்லிஃபின் படித்துக்கொள்ளும், அதற்கு எழுதும் வேலை இல்லை.

ஒரு நாள் தூசி தட்டும்போது யுஎஸ்பி கேபிள் லேசாகக் கழன்றிருக்கிறது. அடுத்த ரீபூட்டில் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, `fstab` வரியில் `nofail` இருந்ததால் பெட்டி அதைப் பொருட்படுத்தாமல் எழுந்துவிட்டது. நான் அது தெரியாமல் தங்கை கல்யாண வீடியோக்களை லேப்டாப்பிலிருந்து ஆர்சிங்கில் `/mnt/media`வுக்கு அனுப்பினேன். அந்தப் பெயரில் ஒரு வெற்று அடைவு எஸ்எஸ்டியில் இருக்கத்தானே செய்கிறது, எல்லாம் அங்கே போய் விழுந்து ரூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது. காலையில் ப்ராக்ஸ்மாக்ஸின் வெப் பக்கத்தில் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் லாகின் ஆகவில்லை. எஸ்எஸ்எச்சில் போய் `df -h` பார்த்தால் `/` 100 சதவீதம். கேபிளை அழுத்தி டிஸ்க்கை மவுண்ட் செய்தேன், இடம் ஒரு எம்பிகூடத் திரும்பவில்லை, `du` போட்டுத் தேடினாலும் அந்தக் கோப்புகள் எங்கேயும் இல்லை. மவுண்ட் ஆன டிஸ்க் அந்த அடைவை மேலிருந்து மூடிக்கொண்டிருந்தது. ஜெல்லிஃபின் கன்டெய்னரை நிறுத்தி, டிஸ்க்கை அன்மவுண்ட் செய்த பிறகுதான் வீடியோக்கள் கண்ணில் பட்டன.

அதற்குப் பிறகு, டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் அந்த வெற்று அடைவுக்கு இப்படி ஒரு பூட்டு போட்டேன்:

```
umount /mnt/media
chattr +i /mnt/media
mount /mnt/media
```

இப்போது டிஸ்க் இல்லாதபோது ரூட்டாக இருந்தாலும் அதில் எழுத முடியாது, ஆர்சிங்க் உடனே அனுமதி இல்லை என்று நின்றுவிடும். டிஸ்க் வந்தால் வழக்கம்போல் மேலே மவுண்ட் ஆகும், பூட்டு அதைத் தடுக்காது. இன்னொன்றும் உண்டு: கன்டெய்னர் எழுந்த பிறகு டிஸ்க் மவுண்ட் ஆனால், கன்டெய்னருக்குள் பழைய வெற்று அடைவுதான் தெரியும், கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதனால் பை-ஹோல் கன்டெய்னரில் `startup: order=1,up=60` என்றும் ஜெல்லிஃபினில் `order=2` என்றும் வைத்திருக்கிறேன். பை-ஹோல் முதலில் எழும், அடுத்தது ஒரு நிமிடம் கழித்து, அதற்குள் டிஸ்க் சுழன்று தயாராகிவிடும்.

பேக்கப் பற்றி ஒரே ஒரு விஷயம். ப்ராக்ஸ்மாக்ஸின் பேக்கப் கன்டெய்னரை மட்டும்தான் எடுக்கும், இப்படி `mp0` வழியாகக் கொடுத்த மீடியா அடைவு அதில் சேராது. பை-ஹோலும் ஜெல்லிஃபினின் லைப்ரரி விவரங்களும் சேர்ந்து சில ஜிபிதான், வாராவாரம் எடுத்து லேப்டாப்புக்கும் ஒரு நகல் போகிறது. கல்யாண வீடியோக்களுக்கு இன்னொரு டிஸ்க் வாங்கி, அண்ணன் வீட்டில் வைத்து, ஊருக்குப் போகும்போதெல்லாம் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன்.

போன மாதம் பை-ஹோலின் பேக்கப்பை 901 என்ற புது எண்ணில், மேக் முகவரி மோதாமல் இருக்க Unique என்பதைத் தேர்ந்து, ரீஸ்டோர் செய்து பார்த்தேன். ஸ்டார்ட் பட்டனை அமுக்கப் போகும் நேரத்தில்தான் உறைத்தது, அந்த நகலுக்குள்ளும் 192.168.1.5 என்ற அதே நிலையான ஐபி இருக்கிறது. இரண்டும் ஒன்றாக எழுந்தால் வீட்டில் பாதிக் கருவிகள் ஒன்றிடமும் மீதி இன்னொன்றிடமும் போய் மாட்டிக்கொண்டிருக்கும். Network பக்கத்தில் ஐபியை 192.168.1.95 என்று மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். லேப்டாப்பிலிருந்து `dig @192.168.1.95 debian.org` கேட்டதும் முகவரி வந்தது, நான் கையால் சேர்த்த பிளாக் பட்டியலும் அம்மா போனின் குரூப்பும் அப்படியே இருந்தன. 901ஐ அழித்துவிட்டு, சுவரில் உள்ள தாளில் அந்தத் தேதியைப் பென்சிலால் எழுதி வைத்தேன்.